படிக்கும்போதே வட்டியைக் கட்டுவதா, விட்டுவைப்பதா? நாலு லட்சம் கல்விக்கடனை வைத்து ஒரு கணக்கு

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் கல்விக்கடன் வாங்கிய வீடுகளில் இரண்டு பேச்சு உண்டு. "படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு பைசா கட்ட வேணாம், பேங்க்லயே சொல்லிட்டாங்க" என்பது ஒன்று. "வட்டியை விட்டா அது குட்டி போட்டு அசலைவிடப் பெருசாயிடும், மாசாமாசம் கட்டிடு" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஊரில் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது, வருஷா வருஷம் வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். மகள் 2022 ஜூலையில் கோயம்புத்தூரில் பொறியியல் சேர்ந்தாள். அரசு வங்கியில் நாலு லட்சம் கடன். வருஷம் ஒரு லட்சமாக, ஒவ்வொரு ஜூலையிலும் வங்கியே கல்லூரிக்கு அனுப்பிவிடும். நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள், நம் பங்குப் பணமும் போட வேண்டியதில்லை. அதனாலேயே இந்தத் தொகையில் நிறுத்திக்கொள்கிற வீடுகள் அதிகம்.

வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைக்கிறேன். உண்மையில் இது மாறும் வட்டி, ரெப்போ விகிதத்தோடு ஏறி இறங்கும். கணக்குப் புரிவதற்கு உருண்டையான எண் போதும்.

படிப்பு நாலு வருஷம், அதற்கு மேல் ஒரு வருஷம். இந்த ஐந்து வருஷத்துக்கும் தவணை கிடையாது. இதைத்தான் மொரட்டோரியம் என்கிறார்கள். நம் மாணவிக்கு இது 2027 ஜூனில் முடிகிறது, ஜூலையில் முதல் தவணை. தவணைதான் கிடையாதே தவிர வட்டி உண்டு. முதல் ஒரு லட்சம் ஐந்து வருஷம் நிற்கிறது, அதற்கு வட்டி 50,000. இரண்டாவது லட்சம் நாலு வருஷம், 40,000. அடுத்ததற்கு 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. மொத்தம் 1,40,000 ரூபாய். யாரும் கட்டாமல் விட்டால் 2027 ஜூன் கடைசியில் இந்தத் தொகையை அசலோடு சேர்த்துவிடுவார்கள். அன்றிலிருந்து அவளுடைய கடன் நாலு லட்சம் இல்லை, 5,40,000.

குட்டி போடுகிறதா, இல்லையா

இங்கே நின்று பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மற்ற எல்லா முடிவும் இதைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டு இருக்கிறது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தைப் பின்பற்றும் வங்கிகள் இந்த ஐந்து வருஷமும் தனிவட்டிதான் போட வேண்டும். மேலே போட்ட கணக்கும் தனிவட்டிக் கணக்குதான். கட்டாமல் நிற்கும் வட்டி ஒரு ஓரமாக நிற்கும், அதன் மேல் வட்டி ஓடாது. ஆக, மொரட்டோரியம் முடியும் வரை அந்த வட்டிப் பாக்கி குட்டி போடுவதில்லை. அசலில் சேர்த்த மறுநாளிலிருந்துதான் குட்டி போட ஆரம்பிக்கும்.

ஆனால் எல்லாக் கடனும் இப்படி இல்லை. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் சில மாதாமாதம் வட்டியைக் கடனில் ஏற்றி, ஏற்றியதற்கும் வட்டி போடுகின்றன. வங்கிக் கணக்கிலேயேகூடக் கணினியில் தப்பாகப் பதிந்திருந்தால் அப்படி ஓடலாம். நம் நாலு லட்சத்துக்கு மாதக் கூட்டுவட்டி ஓடினால் ஐந்து வருஷ முடிவில் நிற்பது 5,40,000 இல்லை, சுமார் 5,70,300. முப்பதாயிரம் கூட.

எது ஓடுகிறது என்று கண்டுபிடிக்க மேனேஜரைக் கேட்க வேண்டியதுகூட இல்லை. முதல் வருஷத்துக் கடன் கணக்கு ஸ்டேட்மென்டை எடுங்கள். ஒரு லட்சம் மட்டும் நிற்கிற அந்தப் பன்னிரண்டு மாதத்தில் வட்டி வரிகளை மட்டும் பாருங்கள். 10 சதவீதத்துக்கு முப்பது நாள் மாதத்தில் 822 ரூபாய், முப்பத்தொரு நாள் மாதத்தில் 849 ரூபாய் அளவில் இருக்க வேண்டும். கடைசி வரைக்கும் அப்படியே இருந்தால் தனிவட்டி. மாதம் மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பன்னிரண்டாவது மாதம் 900 அளவுக்கு வந்தால் கூட்டுவட்டி ஓடுகிறது. நடுவில் வட்டி விகிதம் மாறியிருந்தால் அதனாலும் ஏறும். விகிதம் மாறிய தேதியை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேட்மென்டில் 'நிலுவை' என்று காட்டும் மொத்தத் தொகை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வட்டியைச் சேர்த்துக் காட்டும் தொகை அது. அதன் மேல் வட்டி போடுகிறார்களா என்பதுதான் கேள்வி. அப்படிப் போட்டிருந்தால், கடன் அனுமதிக் கடிதத்தில் 'தனிவட்டி' என்று எழுதியிருக்கிற இடத்தைக் கோடு போட்டு, கிளைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் முப்பது நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அனுமதிக் கடிதத்திலேயே கூட்டுவட்டி என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் புகார் நிற்காது. அந்தக் கடனுக்கு ஒரே வழி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வட்டியைக் கட்டுவதுதான். கீழே சொல்லப்போகும் 'காத்திருக்கும்' வழி அதற்குச் சரிப்படாது.

முழுசாக விட்டுவிட்டால்

முதல் வழி இது. ஐந்து வருஷமும் ஒன்றும் கட்டவில்லை, கடன் 5,40,000 ஆகிவிட்டது. பத்து வருஷத்தில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை 7,136 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 8,56,300. வட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நாலு லட்சத்திலேயே நின்றிருந்தால் தவணை 5,286 ரூபாயாக இருந்திருக்கும்.

மாதம் 1,850 ரூபாய் வித்தியாசம். ஓசூரில் முதல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுகிற பணத்தில் அது சின்னத் தொகை இல்லை. பத்து வருஷத்துக்கு அந்த வித்தியாசத்தைக் கூட்டினால் 2,22,000. அன்றைக்குக் கட்டியிருந்தால் 1,40,000. ஆக, விட்டுவைத்ததற்கு விலை 82,000 ரூபாய்.

இதை எளிதாக மனதில் வைத்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். பத்து வருஷக் கடனில், 10 சதவீத வட்டியில், அசலில் சேரும் ஒவ்வொரு பத்தாயிரமும் மாதத் தவணையில் 132 ரூபாயாக வந்து உட்காரும். அது பத்து வருஷமும் இறங்காது. பத்தாயிரம் கடைசியில் பதினைந்தாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஆகும். வீட்டில் "இந்த வருஷம் பத்தாயிரம் கட்டலாமா" என்று பேச்சு வந்தால் இந்த 132-ஐ எடுத்துப் போட்டுப் பேசலாம்.

தவணை கனமாக இருக்கிறதே என்று காலத்தை நீட்டச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. கல்விக்கடனைப் பதினைந்து வருஷம் வரை நீட்டலாம். 5,40,000-ஐப் பதினைந்து வருஷமாக்கினால் தவணை 5,803 ரூபாய்க்கு இறங்கும். மொத்தம் கட்டுவது சுமார் 10,44,500. கல்லூரிக்குப் போனது நாலு லட்சம், திரும்புவது பத்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5,40,000 கடனுக்கு, பழைய 5,286 ரூபாயையே கட்டினால் எப்போது முடியும்? 230 மாதம், பத்தொன்பது வருஷத்துக்கு மேல். எந்த வங்கியும் அவ்வளவு காலம் தராது. வட்டியால் கடன் 35 சதவீதம் கூடினதற்குக் காலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. காரணம், முதல் மாதம் கட்டும் 5,286-ல் 4,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 786 ரூபாய்தான்.

அதற்காக இந்த வழி மோசம் என்று சொல்லிவிட முடியாது. 82,000 என்பது 1,40,000 ரூபாயைப் பத்து வருஷத்துக்கு 10 சதவீத வட்டியில் வாங்கியதன் விலை, அவ்வளவுதான். நம் ஊரில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் அது ஆண்டுக்கு 36 சதவீதம். இரண்டு வட்டி என்றாலும் 24. வீட்டில் அப்படி ஒரு கைமாற்று நின்றுகொண்டிருக்கும்போது கல்விக்கடன் வட்டியைக் கட்டுவது தலைகீழ் வேலை. முதலில் அதை அடையுங்கள். அதைவிட மோசம், மொரட்டோரியம் முடியப்போகிறது என்று பதறி வட்டிக்காரரிடம் வாங்கி வங்கியில் கட்டுவது. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

மாதாமாதம் கட்டினால்

இரண்டாவது வழி. முதல் வருஷம் மாதம் 833 ரூபாய். அடுத்த வருஷம் 1,667. மூன்றாவது வருஷம் 2,500. நாலாவது, ஐந்தாவது வருஷம் 3,333. ஆரம்பத்தில் லேசாக இருந்து போகப்போகக் கனமாகும் என்பதைக் கவனியுங்கள். முதல் வருஷம் சுலபமாகக் கட்டிவிட்டு, மூன்றாவது வருஷம் மூச்சு வாங்குகிற வீடுகள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

சாதாரணமாக இந்த வழியில் மொத்தச் செலவு 7,74,300 ரூபாய். முதல் வழியைவிட 82,000 குறைவு. ஆனால் இதில் உள்ள உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டி வந்தால் வங்கி 1 சதவீதம் வட்டி குறைக்கலாம் என்று மாதிரித் திட்டத்தில் இருக்கிறது. குறைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. சில வங்கிகள் மொரட்டோரியக் காலத்துக்கு மட்டும் குறைக்கின்றன, சில கடன் முடியும் வரைக்கும் குறைக்கின்றன. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது.

மொரட்டோரியக் காலத்துக்கு மட்டும் 9 சதவீதம் என்றால், ஐந்து வருஷத்தில் கட்டும் வட்டி 1,40,000-க்குப் பதில் 1,26,000. பதினாலாயிரம் மிச்சம். கடைசி வரைக்கும் 9 சதவீதம் என்றால் தவணையும் 5,067 ஆக இறங்கி, மேலும் 26,000 மிச்சமாகும். மொத்தம் நாற்பதாயிரம். அதனால் வட்டி கட்ட ஆரம்பிக்கும் முன்பே கிளையில் கேட்க வேண்டிய கேள்வி இது: "சார், வட்டியை மாசாமாசம் கட்டினா ஒரு பர்சென்ட் குறைப்பீங்களா? படிக்கிற வரைக்கும் மட்டுமா, கடைசி வரைக்குமா? ஒரு மாசம் தவறினா என்ன ஆகும்?" மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் தாமதமானாலே சலுகை போய்விடும் வங்கிகளில், ஆட்டோ டெபிட் போட்டு வைப்பதுதான் பாதுகாப்பு.

சேர்த்துவைத்து, அந்த நாளுக்கு முன் கட்டினால்

மூன்றாவது வழியை யாரும் சொல்வதில்லை, ஆனால் தனிவட்டிக் கடனுக்கு இதைப் பார்க்காமல் முடிவு எடுக்கக் கூடாது. மொரட்டோரியத்தில் வட்டிப் பாக்கிக்கு வட்டி இல்லை என்று மேலே பார்த்தோம். 2022-ல் சேர்ந்த 833 ரூபாயை அன்றைக்குக் கட்டினாலும் 2027 ஜூனில் கட்டினாலும் வங்கி வாங்குவது அதே 833 ரூபாய். அப்படி இருக்க எதற்கு இப்போதே கொடுக்க வேண்டும்? அதே பணத்தை அதே மாதத்தில் நம் பெயரில் ஆர்.டி. போட்டு வைத்து, 2027 ஜூனில் 1,40,000-ஐ ஒரே அடியாகக் கட்டிவிட்டால் கடன் நாலு லட்சமாகவே தவணைக்குள் போகும்.

வட்டித் தொகை வருஷா வருஷம் ஏறுவதால், ஒவ்வொரு ஜூலையிலும் ஏறிய தொகைக்கு மட்டும் இன்னொரு ஆர்.டி. திறந்துகொண்டே போகலாம். 6.5 சதவீதம் கிடைத்தால் ஐந்து வருஷ முடிவில் கையில் சுமார் 1,58,500 இருக்கும். வங்கிக்குக் கட்டியது போக 18,500 நம்முடையது.

இப்போது எதிரெதிராக வையுங்கள். வங்கி 1 சதவீதச் சலுகையே தரவில்லை என்றால் மூன்றாவது வழி இரண்டாவதைவிட 18,500 ரூபாய் லாபம். மொரட்டோரியத்துக்கு மட்டும் சலுகை என்றால் 14,000-க்கு எதிரே 18,500, கிட்டத்தட்ட சமம்தான். மிச்சமான 14,000-ஐயும் போட்டு வைத்திருந்தால் அதுவும் கொஞ்சம் வளர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்தால் வித்தியாசம் இரண்டாயிரம், மூவாயிரத்தில் வந்து நிற்கும். கடைசி வரைக்கும் சலுகை என்றால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவது வழிதான்.

சமமாக இருக்கும் அந்த நடு நிலைமையில் எதை எடுப்பது? நான் ஆர்.டி. பக்கம்தான் சாய்வேன், ஒரு காரணத்துக்காக. வங்கியில் கட்டிய வட்டி திரும்பி வராது. ஆர்.டி.யில் இருக்கிற பணம் ஒரு ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவும். காய் பிடிக்காத வருஷத்தில், அந்த மாதம் போடாமல் விட்டாலும் யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள். ஆனால் இதே காரணம்தான் எதிராகவும் நிற்கிறது. எடுக்கக்கூடிய பணத்தை எடுத்துவிடுவோம். அக்கா மகள் சடங்குக்கு, வண்டிக்கு, கிணறு ஆழப்படுத்த என்று போனால் 2027 ஜூனில் கையில் ஒன்றும் இருக்காது. முதல் வழிதான் நடக்கும். உங்கள் வீட்டில் சேமிப்பு நிற்குமா நிற்காதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நிற்காத வீடு என்றால் வெட்கப்படாமல் மாதாமாதம் வங்கியிலேயே கட்டிவிடுங்கள். 18,500 ரூபாய் ஒழுங்குக்குக் கொடுத்த கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாந்தோப்பு வீடுகளுக்கு இந்த மூன்றாவது வழி இன்னும் பொருந்தும். குத்தகைப் பணம் மாதாமாதம் வருவதில்லை. பூ பிடிக்கும்போது கொஞ்சம், காய் இறங்கும்போது கொஞ்சம் என்று வருஷத்தில் ஒன்றிரண்டு முறைதான். தனிவட்டியில் மாதாமாதம் கட்டினாலும் வருஷத்துக்கு ஒருமுறை கட்டினாலும் செலவு ஒன்றே. அதனால் குத்தகைப் பணம் வந்ததும் அந்த வருஷ வட்டியை ஒரு வைப்புத்தொகையில் போட்டுவிடலாம். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுபவர்களுக்கும் இதே கதை, விலை நன்றாக இருந்த வருஷம் கூடப் போட்டுக்கொள்ளலாம். மாதச் சம்பளம், பால் பணம் என்று ஒழுங்காக வருகிற வீட்டுக்குத்தான் ஆட்டோ டெபிட் சரிவரும்.

முழுசாக முடியாவிட்டால் பாதியாவது. 70,000 சேர்ந்திருந்தால் அதைக் கட்டிவிட்டால் கடன் 4,70,000-ல் நிற்கும், தவணை 6,211. முழுசாகக் கட்ட முடியவில்லையே என்று ஒன்றுமே கட்டாமல் விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அரசே வட்டி கட்டும் வீடுகள்

குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பு அல்லது தொழில்நுட்பப் படிப்பு, தகுதி பெற்ற கல்லூரி என்றால் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் மொரட்டோரியக் கால வட்டி முழுவதையும் அரசு கட்டுகிறது. 2009-லிருந்து நடக்கிற திட்டம் இது. நம் உதாரணக் குடும்பத்தின் வருமானம் அந்த வரம்பைத் தாண்டியதால்தான் மேலே இவ்வளவு கணக்குப் போட்டோம். எட்டு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 3 சதவீத வட்டி மானியம் இருக்கிறது, ஆனால் தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட கல்லூரிகளுக்கு மட்டும்.

முழு மானியம் கிடைக்கும் வீட்டில் வட்டி கட்ட வேண்டியதில்லை, மேலே சொன்ன எந்த வழியும் வேண்டாம். செய்ய வேண்டியது ஒன்றே. மானியம் உண்மையில் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று வருஷா வருஷம் பார்க்க வேண்டும். கிளையிலிருந்து கோரிக்கை அனுப்பினால்தான் பணம் வரும். வருமானச் சான்றிதழ் வாங்கித் தராமல் விட்டதால் வராமலே போனதும் உண்டு. மானியம் வராத வட்டி கணக்கில் நின்றால், மொரட்டோரியம் முடியும் அன்று அதுவும் அசலில் சேர்ந்துவிடும். படிப்பைப் பாதியில் விட்டால், மருத்துவக் காரணம் தவிர, மானியம் கிடைக்காது.

அந்த ஜூன் மாதம்

மூன்றாவது வழியை எடுத்தவர்களுக்கு எல்லாம் கடைசி ஒரு மாதத்தில் இருக்கிறது. மொரட்டோரியம் முடியும் தேதி என்ன என்று வங்கிக் கணினியில் பதிந்திருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நாம் ஜூன் என்று நினைத்திருக்க, படிப்பு முடியும் மாதத்தை ஏப்ரல் என்று பதிந்திருந்தால், ஏப்ரலிலேயே வட்டி அசலில் ஏறியிருக்கும். மூன்று வருஷப் படிப்பு என்று தப்பாகப் பதிந்த கணக்குகளும் இருக்கின்றன. படிப்பின் இரண்டாவது வருஷத்திலேயே இதைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது, கல்லூரியின் போனபைட் சான்றிதழ் போதும்.

தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் கிளைக்குப் போய், அன்றைக்கு வரைக்கும் நிற்கிற வட்டி எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து. பணம் கட்டும்போது, "நிற்கும் வட்டிக்கு வரவு வைக்கவும்" என்று ஒரு கடிதம் சேர்த்துக் கொடுங்கள். மொபைல் ஆப்பில் கடன் கணக்குக்குப் பணம் அனுப்பினால் அது எந்தத் தலைப்பில் போய் விழும் என்பதை நாம் பார்க்க முடியாது. இந்த ஒரு முறை நேரில் போவது நல்லது. கட்டிய பிறகு ஸ்டேட்மென்டில் நிலுவை நாலு லட்சமும், அடுத்த சில நாள் வட்டியும் மட்டும் காட்ட வேண்டும். ஜூலையில் புதுத் தவணை அட்டவணை வாங்கி, தவணை 5,286-ஆ என்று பாருங்கள். முன்பே 7,136 என்று கணினி போட்டு வைத்திருந்தால் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும்.

தேதி தாண்டிவிட்டால் உலகம் முடிந்துவிடாது. 1,40,000 அசலில் ஏறிய பிறகு ஒவ்வொரு மாதத் தாமதமும் 1,167 ரூபாய் வட்டி, அவ்வளவுதான் நஷ்டம். ஜூலைக் கடைசியில் குத்தகைப் பணம் வந்தால் அப்போது கட்டலாம். மாறும் வட்டியில் உள்ள கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்காக வங்கி அபராதம் வாங்கக் கூடாது. ஆனால் அப்போது அது 'முன்பணம்' என்றுதான் வரவாகும், தவணை தானாக இறங்காது. காலம்தான் சுருங்கும். தவணையைக் குறைப்பதா காலத்தைக் குறைப்பதா என்பதை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

உண்மையில் அப்படிக் குறையாமல் இருப்பதே நல்லது என்பேன், சம்பளம் இடம் கொடுத்தால். கடன் நாலு லட்சம், தவணை மட்டும் 7,136 என்று கட்டிக்கொண்டே போனால் பத்து வருஷக் கடன் 76 மாதத்தில், ஆறு வருஷம் நாலு மாதத்தில் முடிந்துவிடும். 5,286-ஐப் பத்து வருஷம் கட்டுவதைவிட 93,000 ரூபாய் குறைவு. வட்டியை விட்டுவைத்திருந்தால் எப்படியும் கட்டியிருக்க வேண்டிய தவணைதானே.

வருமான வரிக்கு வருகிறேன், சுருக்கமாக. கல்விக்கடன் வட்டிக்குக் கழிவு உண்டு, எட்டு வருஷம் வரை, ஆனால் பழைய வரி முறையில் மட்டும். முதல் வேலைக்குப் போகும் பெரும்பாலான பிள்ளைகள் புதிய முறையில் வரியே கட்டுவதில்லை. அவர்கள் இதை நினைத்து வட்டியை இப்போது கட்டுவதா அப்புறம் கட்டுவதா என்று முடிவு செய்யத் தேவையில்லை.

வேலையே கிடைக்கவில்லை என்றால்? முதல் தவணை வந்து மூன்று மாதம் தவறினால், தொண்ணூறு நாளில், கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்னால் எழுதிக் கேட்டால் இரண்டு வழி உண்டு. தவணைக் காலத்தைப் பதினைந்து வருஷம் வரை நீட்டுவது ஒன்று. வேலையில்லாத காலத்துக்கு மறுபடி ஒரு மொரட்டோரியம் கேட்பது இன்னொன்று, மாதிரித் திட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. இந்த இரண்டாவது மொரட்டோரியத்தில் எச்சரிக்கை. அப்போது நிற்பது 5,40,000, அதில் 1,40,000 ஏற்கெனவே ஏறிய வட்டி. தனிவட்டியாகவே போட்டாலும் அது மாதம் 4,500 ரூபாய். ஒரு வருஷம் வாங்கினால் மேலும் 54,000 சேரும். முடிந்தால் ஒரு வருஷம் கேட்காமல் ஆறு மாதம் கேளுங்கள், வட்டியில் பாதியாவது கட்டுவதாக எழுதிக் கொடுங்கள். கிளையில் மறுத்தால் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகம் இருக்கிறது, கலெக்டர் ஆபீசில் கேட்டால் இடம் சொல்வார்கள். அனுமதிக் கடிதத்தின் நகல், கடைசி ஒரு வருஷ ஸ்டேட்மென்ட், கிளைக்குக் கொடுத்த கடிதத்தின் சீல் போட்ட நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.